மேல்மாடிக் கட்டில்

மூட்டைப்பூச்சியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதுவதா என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். காலைத் தேநீரும் கையுமாக இருந்து வாசிப்போருக்கு அஃது அத்துணை இனிய பேச்சன்றுதான். எனினும் வீட்டை வாடகைக்கு விட்டிருப்போரும், வாடகை வீட்டிற் குடியிருப்போரும் எம்மிடையே பலர். அவ்விரு சாராருக்கும் நடுவே ஒரு சிறு பூச்சி புகுந்து எவ்வளவு பெரிய பிணக்கை விளைவிக்கக் கூடும் என்பதை நாம் அநுபவித்தே அறிந்தோம். ஆதலால், எமக்குப் பெருமை தராத பகுதிகளையும் மறைக்காமல் எழுதத் துணிந்தோம்.

வெள்ளவத்தையிற் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது எமது வீடு. கீழ்த்தளத்தில் நாமும் எம் இல்லாளும் வசிக்கின்றோம். மேல்மாடியில் இரண்டு அறைகளும், ஒரு கூடமும், ஒரு சிறு குசினியும் உண்டு. அதனைக் கட்டில், அலுமாரி, மேசை, கதிரை ஆகியவற்றோடு வாடகைக்கு விடுவது எமது வழக்கம். மெத்தையை மட்டும் வருபவர்களே கொண்டுவர வேண்டும். 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில் ஓர் இளங் குடும்பம் அங்கே குடிவந்தது. கணவர் ஓர் அலுவலகத்திற் கணக்கு எழுதுபவர், மனைவி ஆசிரியை, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அமைதியான மனிதர்கள். குழந்தை மட்டும் அவ்வப்போது படியிறங்கி வந்து எம் இல்லாளிடம் பனங்கட்டித் துண்டு வாங்கிப் போகும்.

ஜூன் மாத நடுவில் ஒரு மாலைப்பொழுது அந்தத் தம்பி கீழே வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"ஐயா, ஒரு விடயம் சொல்ல வேணும். கோபிக்கக் கூடாது" என்றார். பின்பு சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை எடுத்து நீட்டினார். அதன்மேல் ஒட்டுநாடாவின் கீழே ஒரு பூச்சி அகப்பட்டிருந்தது. கொள்ளுத் தானியத்தின் அளவு, தட்டையான உடல், செம்மண் நிறம். எமது இளமையிற் புகைவண்டி ஆசனங்களிலும் படமாளிகைக் கதிரைகளிலும் நன்கு பழகிய அந்த முகத்தை அடையாளங் காண்பதற்கு எமக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

அவ்வேளை நாம் சொன்ன சொற்களை இப்பொழுது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "தம்பி, எங்கள் வீட்டில் இது இருந்ததே இல்லை. அந்த மெத்தை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டோம். அவர் முகம் வாடிற்று. பழைய வாடகை வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தைதான் என்றும், அதனைச் சென்ற கிழமையே எறிந்துவிட்டார்கள் என்றும், எறிந்த பின்பும் பிள்ளையைக் கடிப்பது நிற்கவில்லை என்றும் தாழ்ந்த குரலிற் சொன்னார். அந்தக் கடைசிச் செய்தியிலேயே சிந்திக்கத் தக்க பொருள் இருந்தது. நாமோ அதனைக் காதில் வாங்கவில்லை. "பார்ப்போம்" என்று ஒரு சொல்லைச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவர் படியேறிய ஓசை அடங்கியதும் எம் இல்லாள் உள்ளேயிருந்து வந்து, "ஆளிலே பழியைப் போடுமுன் கட்டிலைப் பார்த்தீர்களா? கட்டில் எங்களுடையதல்லவா?" என்று கேட்டாள். அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

மறுநாட் காலை, அவர்களிடம் நேரங் கேட்டுக்கொண்டு மேலே சென்றோம். கையில் ஒரு நல்ல மின்விளக்கு, பழைய வங்கி அட்டை ஒன்று, ஈரப் பஞ்சு, ஒரு வெள்ளைத் துணி ஆகியவையே எமது ஆயுதங்கள். மூட்டைப்பூச்சியைத் தேடுவோர் மெத்தையின் நடுவைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவதுண்டு. அது பகலிற் கிடப்பது வெளியில் அன்று. ஓர் அட்டையின் விளிம்பு நுழையக் கூடிய இடுக்கெல்லாம் அதற்கு வீடுதான். ஆகவே மெத்தையின் ஓரத் தையல், கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்புறம், குறுக்குச் சட்டங்கள் பொருந்தும் மூலைகள், மரையாணித் துளைகள் என்று தலைமாட்டிலிருந்து தொடங்கித் தேட வேண்டும். இடுக்கினுள்ளே அட்டையை நுழைத்து இழுத்தால், உள்ளே கிடப்பது வெள்ளைத் துணியில் வந்து விழும்.

முதலாவது மூலையிலேயே விழுந்தது. உயிருள்ள பூச்சிகள் நான்கு. அவற்றோடு வெளிறிய மஞ்சள் நிறத்திற் காய்ந்த தோல்கள் பல. குஞ்சு முதற் பெரியது வரை ஐந்து முறை தோலுரித்தே இப்பூச்சி வளர்கிறது. ஒவ்வொரு முறை உரிப்பதற்கும் ஒரு வயிறு இரத்தம் வேண்டும். ஆகையாற் பல அளவில் உரிந்த தோல்கள் கிடந்தால், பூச்சி அவ்விடத்தில் வெறுமனே வந்து தங்கிப் போகவில்லை, குடும்பம் நடத்தியிருக்கிறது என்று கொள்ளலாம்.

எவ்வளவு காலமாக? அதுதானே வழக்கு. எமது நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாவதற்கு ஏறத்தாழ ஐந்து ஆறு கிழமை ஆகும். அவர்கள் வந்து பத்துக் கிழமை கழிந்திருந்தது. ஆதலால், அவர்களோடு வந்த இரண்டொரு பூச்சியே இவ்வளவையும் பெருக்கியிருக்கலாம் என்று ஒருவர் வாதாடினால் அதை மறுப்பதற்கில்லை. கடித்த தழும்புகளும் சாட்சியாகா. சிலருக்கு உடனே தடிக்கும்; சிலருக்குச் சில நாள் கழித்துத் தடிக்கும்; சிலருக்குத் தடிப்பதே இல்லை. அந்த வீட்டிலேயே தாய்க்கும் பிள்ளைக்கும் கைகளெல்லாம் தழும்பு. ஒரே கட்டிலிற் படுத்த தம்பிக்கோ ஓர் அடையாளமுமில்லை. அதனாலேயே முதற் சில கிழமை நுளம்பென்று எண்ணி இருந்துவிட்டார்கள்.

இந்நிலையில் எமது கண் தலைமாட்டுப் பலகையின் அடிப்பக்கத்திற் சென்றது. அங்கே பேனா மையைத் தெளித்தாற்போலக் கரும்புள்ளிகள் கூட்டமாக இருந்தன. செரித்த இரத்தத்தைப் பூச்சி கழித்து விட்ட அடையாளம் அது. ஈரப் பஞ்சினால் ஒற்றிப் பார்த்தோம். சில புள்ளிகள் கரைந்து, பஞ்சிற் செம்பழுப்பாகப் படிந்தன. அவை அண்மைக் காலத்தவை. ஆனால் அவற்றின் அருகேயே இருந்த வேறு புள்ளிகள், எத்தனை முறை தேய்த்தும் அசையவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபொழுதுதான் உண்மை தெரிந்தது. அவற்றின் மேலே வார்னிஷ் பளபளத்தது.

வாசகர் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்தக் கட்டிலுக்கு வார்னிஷ் பூசுவித்தவர் நாமே. முன்பு இருந்தவர் பெப்ரவரி மாத முடிவில் வீட்டை விட்டுச் சென்றார். மார்ச்சு மாதத்தில், வீடு வெறுமையாக இருந்த ஐந்து கிழமைக்குள், தச்சரை அழைத்துக் கட்டிலுக்கு மெருகு போடச் சொன்னோம். அவர் சட்டங்களைக் கழற்றவில்லை. நாமும் கழற்றச் சொல்லவில்லை. கண்ணிற் படும் இடத்தைத் தேய்த்து, மிகுதி இடத்தில் அப்படியே தூரிகையை ஓட்டிவிட்டார். வார்னிஷின் கீழே உறைந்து கிடந்த புள்ளிகள், இக்குடும்பம் எமது வாயிற்படியை மிதிக்குமுன்பே இட்டவை. மரையாணித் துளைக்குள்ளே தூரிகை செல்லவில்லை. அதற்குள் இருந்தவை பிழைத்துக்கொண்டன. முழு வளர்ச்சியடைந்த பூச்சி இரத்தமின்றி ஐந்து கிழமை கிடப்பது அதற்கு ஒரு பொருட்டே அன்று. அதனினும் நெடுங்காலம் பட்டினி கிடக்க வல்லது.

எமக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. முன்பிருந்த இளைஞர், போவதற்கு இரண்டு மாதம் முன்னர், "ஐயா, கட்டிலை ஒருநாள் கீழே இறக்கி வெயிலிற் போடட்டா?" என்று கேட்டிருந்தார். முற்றத்தில் இடமில்லையென்று நாம் மறுத்துவிட்டோம். ஏன் கேட்கிறீர் என்று ஒரு சொற் கேட்டிருந்தோமா? இல்லை.

இனி மற்றப் பக்கத்தையும் சொல்வதுதான் நீதி. இரண்டாவது அறையைப் பார்த்தபொழுது, அங்கே குழந்தையின் சிறு கட்டிலிலும் மூன்று பூச்சிகள் இருந்தன. அக்கட்டில் அவர்களுடையது, புள்ளிகளெல்லாம் ஈரப் பஞ்சிற் கரைவன. விசாரித்தபொழுது தெரிந்தது இதுதான். மே மாத நடுவிலேயே அவர்கள் பூச்சியைக் கண்டுவிட்டார்கள். வெட்கத்தினால் எம்மிடம் சொல்லவில்லை. கடையிற் கரப்பானுக்கும் நுளம்புக்கும் விற்கும் தெளிப்புக் குப்பி இரண்டை வாங்கி அறை முழுவதும் அடித்திருக்கிறார்கள். பின்பு மருந்து மணம் தாங்காமற் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இரண்டாவது அறைக்குப் போய்ப் படுத்திருக்கிறார்கள்.

இவ்விரண்டும் செய்யக் கூடாதவை. அக்குப்பிகளிலுள்ள மருந்து பெரும்பாலும் பைரித்திரொயிட்டு என்னும் இனத்தைச் சேர்ந்தது. மூட்டைப்பூச்சிகள் பல நாடுகளில் அதனைத் தாங்கப் பழகிவிட்டன. இலங்கையின் மூட்டைப்பூச்சிகளைச் சோதித்து 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றும் இத்தகைய மருந்துகளுக்கு எதிர்ப்புத்தன்மை தோன்றியிருப்பதைக் கூறுகிறது. சாகாத பூச்சி சும்மா இருப்பதில்லை. மருந்து பட்ட இடத்தை விட்டு விலகிப் புது இடுக்குத் தேடி ஓடும். அதற்கு மேலே, மனிதர் அறையை மாற்றினால் அவர்களது மூச்சையும் உடற்சூட்டையும் நாடி அதுவும் பின்தொடரும். படுக்கையோடு சேர்ந்தும் போகும். ஓரறையில் இருந்த தொல்லை ஈரறை ஆயிற்று. முதற் கிழமையிலேயே எமக்குச் சொல்லியிருந்தால் ஒரு கட்டிலோடு முடிந்திருக்கும்.

கீழே இறங்கி வந்து எமது கட்டிலையும் புரட்டிப் பார்த்தோம். எமக்கு வேண்டாத வேலையாகத் தோன்றினாலும், அடுத்த அறை, கீழ்மாடி, மேல்மாடி எல்லாவற்றையும் பார்க்காமற் சிகிச்சை செய்வதிற் பயனில்லை. கட்டிலில் ஒன்றுமில்லை. ஆனால் தம்பியின் தாயார் ஊரிலிருந்து வந்து நின்றபொழுது மேலே அனுப்பித் திரும்பப் பெற்ற சாய்மனைக் கதிரையின் துணி மடிப்பில் ஒரு பூச்சி இருந்தது. அந்தக் கதிரையிலே சாய்ந்துகொண்டுதான் முதல்நாள் மாலை அந்தத் தம்பியை விசாரணை செய்தோம்!

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிய, வழக்கறிஞரான நண்பர் ஒருவரைக் கேட்டோம். எமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, வாடகைக்கு விடும் வீட்டை அது எதற்காக விடப்படுகிறதோ அதற்குத் தக்க நிலையில் ஒப்படைப்பது உரிமையாளரின் கடமை என்றார். குடியிருப்பவர் தமது செய்கையாலோ கவனயீனத்தாலோ வரும் கேட்டுக்குப் பொறுப்பு என்பதும் உண்டு. எமது ஒப்பந்தப் பத்திரத்திலோ பூச்சியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "வீட்டைத் துப்பரவாக வைத்திருத்தல் வேண்டும்" என்று மட்டுமே இருந்தது. அந்த வரிதான் அவர்களை வாய் திறக்கவொட்டாமற் செய்தது என்று பின்னர் அந்தப் பிள்ளை எம் இல்லாளிடம் சொன்னாள். மூட்டைப்பூச்சிக்கும் துப்பரவுக்கும் ஒரு தொடர்புமில்லை. அது தின்பது அழுக்கை அன்று, இரத்தத்தை. ஐந்து நட்சத்திர விடுதியிலும் அது வாழும். ஒழுங்கற்ற வீட்டில் ஒளிப்பதற்கு இடம் அதிகம் என்பது மட்டுமே வேறுபாடு.

பூச்சிக் கட்டுப்பாடு செய்பவர் ஒருவரை அழைத்து இடத்தைக் காட்டினோம். பாராமலே தொலைபேசியில் விலை சொன்ன இருவரை விலக்கி, நேரில் வந்து ஒரு மணி நேரம் தேடிப் பார்த்தவரையே தெரிந்துகொண்டோம். முதலறையும் கூடமும் மட்டுமாயின் 24,000 ரூபா என்றும், இரண்டாவது அறையும் சேர்த்து 36,000 ரூபா என்றும் அவர் சொன்னார். எமது சாய்மனைக் கதிரையை இனாமாகப் பார்ப்பதாகவும் சொல்லிச் சிரித்தார்.

அன்றிரவு பதிற் கடிதம் எழுத உட்கார்ந்தோம். வாயாற் சொன்னது பின்னர் இருவர் நினைவிலும் இரண்டு விதமாகிவிடும். முதலில் எழுதியபடி, 24,000 ரூபா எம்முடையது என்றும், இரண்டாவது அறைக்குரிய 12,000 ரூபாவில் நாம் பாதியும் அவர்கள் பாதியுமாக, அவர்களது பங்கு 6,000 ரூபா என்றும் கண்டிருந்தது. பூச்சி எமது கட்டிலிலிருந்து புறப்பட்டது. அதை அடுத்த அறைக்குப் பரப்பியது அவர்களது தாமதமும் தெளிப்பும். ஆயினும் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நாமும் அவர்களுக்குச் சொல்லி வைக்கவில்லை. ஆகவே சரி பாதி.

இல்லாள் வாசித்துப் பார்த்தாள். "கணக்குச் சரி. மெத்தை எங்கே?" என்றாள்.

உண்மைதான். எமது கட்டிலிற் போட்டதனால் அவர்களது மெத்தையிற் பூச்சி ஏறிற்று, பயந்து எறிந்தார்கள். எறிந்திருக்க வேண்டியதில்லை, சிகிச்சை செய்து உறையிட்டால் அது உழைத்திருக்கும். ஆகையாற் புது மெத்தையின் விலையை நாம் கொடுப்பதென்பது மிகை. ஆனால் ஆறு ஆண்டு உழைத்த அந்தப் பழைய மெத்தைக்கும் ஒரு பெறுமதி இருந்தது. அது 6,000 ரூபாவிற் குறையாது. ஒன்றுக்கொன்று கழித்தோம். கடிதத்தைத் திரும்ப எழுதினோம். அதன் முக்கியமான பகுதி இது:

"அன்புள்ள தம்பி, உங்கள் முறைப்பாட்டின் பேரில் மேல்மாடியை நாம் பார்வையிட்டோம். எமது கட்டிலின் தலைமாட்டில் வார்னிஷின் கீழே மூட்டைப்பூச்சியின் பழைய அடையாளங்கள் உள்ளன. அந்த வார்னிஷ் நீங்கள் வருமுன்பு பூசப்பட்டது. ஆகவே பூச்சி உங்களால் இவ்வீட்டிற்கு வந்ததன்று. முதல்நாள் மாலை நாம் உங்கள் மெத்தையைக் குறை கூறியது தவறு, அதற்காக வருந்துகிறோம். இரண்டாவது அறைக்குப் பூச்சி பரவியதற்கு, எமக்கு அறிவிக்கத் தாமதித்ததும், தெளிப்பு மருந்து அடித்து அறை மாறியதும் காரணமாயின. அதற்கான செலவில் உங்கள் பங்காக 6,000 ரூபாவைக் கணக்கிட்டு, நீங்கள் இழந்த மெத்தைக்கு ஈடாக அதனைக் கழித்துவிட்டோம். எனவே சிகிச்சைச் செலவு முழுவதும் எம்முடையது. துணிகளை வெந்நீரில் துவைப்பதும், அறைகளை ஆயத்தஞ் செய்வதும் உங்களுடையவை. வருகிற சனிக்கிழமை காலை 8 மணிக்குச் சிகிச்சையாளர் வருவார். 14 நாட்களின் பின் ஒருமுறையும், மேலும் 14 நாட்களின் பின் ஒருமுறையும் திரும்ப வருவார். அதுவரை நீங்கள் படுக்கும் அறையை மாற்ற வேண்டாம். வேறு மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். மண்ணெண்ணெயும் கூடாது. எந்தத் தளபாடத்தையும் எமக்குச் சொல்லாமல் வெளியே எறிய வேண்டாம். இவ்விடயத்தின் பொருட்டு உங்கள் முற்பணத்தில் ஒரு சதமும் பிடிக்கப்படமாட்டாது."

மறுநாட் காலையில் அதை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கதவருகில் நின்றே இருமுறை வாசித்தார். பின்பு உள்ளே வந்து இருக்கச் சொன்னார்.

"படுக்கும் அறையை மாற்ற வேண்டாம்" என்ற வரி அந்தப் பிள்ளைக்குக் கொடுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் பூச்சி மருந்திட்ட இடத்திற்கு மேலே நடந்து வர வேண்டுமானால், அங்கே மனிதர் படுத்திருக்க வேண்டும். அதற்கிடையில் நாலு காலுக்கும் கீழே நாலு கிண்ணம் வைத்தோம். எறும்புக்காக அலுமாரிக் கால்களுக்கு எம் முன்னோர் வைத்த தண்ணீர்க் கிண்ணம் போன்றதே இதுவும். ஆனால் எமது வெப்ப நாட்டு மூட்டைப்பூச்சி, குளிர்நாட்டு இனத்தைவிட வழுவழுப்பான சுவரில் ஏறுவதில் வல்லது. ஆதலாற் கிண்ணத்தின் உட்சுவரில் முகப்பூச்சு மாவைத் தடவி, அடியில் சிறிது சவர்க்கார நீர் ஊற்றினோம். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி, போர்வை நிலத்தில் தொடாமற் செருகிவிட்டால், ஏறுவதற்குக் கால்களைத் தவிர வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமை துணிகளின் நாள். அவற்றை அந்த அறையிலேயே பைகளிற் போட்டு வாயைக் கட்டி, பின்பே வெளியே கொண்டுவர வேண்டும். திறந்தபடி வீடெங்கும் இழுத்துச் செல்லலாகாது. 60 பாகை செல்சியசு வெந்நீரில் துவைத்தால் முட்டையும் பிழைக்காது. துவைக்கும் இயந்திரத்தில் அந்த வெப்பம் வராதென்று கண்டு, எம் இல்லாள் பின்முற்றத்திற் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். குழந்தையின் துணிப்பொம்மைகளைப் பையிலிட்டு எமது குளிரூட்டியின் உறைபெட்டியில் ஐந்து நாள் வைத்தோம். குழந்தை தினமும் வந்து, "கரடிக்குக் குளிராதா?" என்று கேட்டது.

வெயிலைப் பற்றி ஒரு சொல். கட்டிலையும் மெத்தையையும் வெயிலிற் போடுவது எமது நாட்டுப் பழைய வைத்தியம். பூச்சியைக் கொல்வதற்கு ஏறத்தாழ 50 பாகை வெப்பம், அதுவும் ஒவ்வோர் இடுக்கினுள்ளும் சென்று சேர வேண்டும். மேற்பக்கம் சுடும்பொழுது பூச்சி கீழ்ப்பக்கத்து நிழலுக்கு நகர்ந்துவிடும். முன்பிருந்த இளைஞருக்கு நாம் முற்றத்தில் இடங் கொடுத்திருந்தாலும் பூச்சி ஒழிந்திராது. ஆனால் கட்டிலைக் கழற்றியிருப்போம், கண்டிருப்போம்.

சனிக்கிழமை அவர் வந்தார். முதலில் கட்டிலை மரையாணி மரையாணியாகக் கழற்றினார். இடுக்குகளை உறிஞ்சு கருவியால் உறிஞ்சி, அதன் பையை உடனே கட்டி எடுத்தார். பின்பு நீராவிக் கருவியை ஒவ்வொரு மூட்டிலும் மிக மெதுவாக நகர்த்தினார். வேகமாக இழுத்தால் மேற்பரப்பு மட்டும் சுட்டு, உள்ளே இருப்பது தப்பிவிடும் என்றார். ஈரம் உலர்ந்தபின், பூச்சியின் மேற்றோலின் மெழுகை உரிஞ்சி அதனை உலர வைத்துக் கொல்லும் சிலிக்காத் தூளைச் சுவர் வெடிப்புகளிலும், மின்னிணைப்புப் பலகைகளின் பின்னும் சிறிதளவு ஊதினார். கடைசியாகவே திரவ மருந்து. அதுவும் இடுக்குகளில் மாத்திரம். குழந்தை படுக்கும் இடத்தில் அடிக்கவில்லை. மருந்துக் கலத்தைக் காட்டும்படி கேட்டு, பீடைகொல்லிகள் பதிவாளரின் பதிவு இலக்கம் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நல்ல தொழிலாளர் தாமாகவே காட்டுவார். மருந்து நன்கு உலரும் வரை அவர்கள் எமது கீழ்மாடியில் இருந்து மத்தியானச் சோறு உண்டார்கள்.

ஏன் மூன்று முறை என்று தம்பி கேட்டார். முட்டையைப் பெரும்பாலான மருந்துகள் கொல்வதில்லை. ஒட்டியபடி இடுக்கில் இருக்கும் அந்த வெண்ணிற முட்டை ஒரு மில்லிமீற்றர் நீளம்தான். நீராவிக்கும் தப்பியது ஒரு கிழமை பத்து நாளிற் பொரிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடுமுன் இரண்டாம் முறை போக வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு உத்தரவாதம் தருபவர் சொல்லை நம்பிக் காசு கொடுத்து ஏமாந்தவர்களை நாம் அறிவோம்.

இரண்டாம் முறை வந்தபோது குஞ்சுகள் ஐந்து இருந்தன. மூன்றாம் முறை ஒன்றுமில்லை. புதிதாக அவர்கள் வாங்கிய மெத்தைக்கு, முழுவதும் மூடி இழுவைப்பூட்டுப் போடும் உறையொன்றை நாம் வாங்கிக் கொடுத்தோம். ஆகஸ்டு முதற் கிழமையில் ஒரு கிண்ணத்தில் ஒரு பூச்சி கிடந்தது. தம்பி அன்றே, வெட்கப்படாமல், கிண்ணத்தோடு இறங்கி வந்தார். சிகிச்சையாளர் மீண்டும் ஒருமுறை வந்து, கதவு நிலையின் ஒரு வெடிப்பைக் கண்டு அடைத்தார். அதன்பின் செப்டெம்பர், ஒக்டோபர் இரண்டு மாதமும் கிண்ணங்கள் வெறுமையாகவே இருந்தன.

ஒப்பந்தப் பத்திரத்தில் இப்பொழுது ஒரு வரி கூடியிருக்கிறது. வீடு கைமாறுமுன் கட்டில்களைக் கழற்றி இரு தரப்பாரும் ஒருங்கே பார்ப்பது என்றும், பின்பு பூச்சி ஏதும் கண்டு மூன்று நாளுக்குள் அறிவித்தால், யாரால் வந்தது என்று பாராமல் முதற் சிகிச்சையின் செலவை நாமே ஏற்பது என்றும் எழுதியிருக்கிறோம். நட்டமென்று எண்ணும் வீட்டுக்காரர், 24,000 எவ்வாறு 36,000 ஆயிற்று என்பதை மேலே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கடமையும் மிச்சமிருந்தது. முன்பிருந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தோம். சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "கண்டனான் ஐயா. சொன்னால் முற்பணத்திற் கழிப்பீர்களோ என்று பயந்து போனேன்" என்றார். நாம் அவரைக் கோபிக்கவில்லை. அங்கிருந்து கொண்டுபோன பெட்டியும் படுக்கையும் இப்பொழுது எங்கே இருக்கின்றன என்று மட்டும் கேட்டோம். அவர் தெகிவளையில் நண்பர் இருவரோடு ஓர் அறையில் இருக்கிறாராம். தேட வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னோம். அட்டையையும் ஈரப் பஞ்சையும் பற்றிச் சொன்னபொழுது, ஒரு நிமிடம் பொறுங்கள் என்று கடதாசி எடுக்கப் போனார்.